மலைச்சரிவில் கூப்பிட ஏற்ற நாய்க்குட்டிப் பெயர்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் மாலையில் மூடுபனி இறங்கினால் தேயிலைச் செடிகளுக்குள் போன குட்டி கண்ணுக்குத் தெரியாது. குரல்தான் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சிறுத்தை நடமாடும் இடத்தில் இது சின்ன விஷயமே இல்லை. அதனால் பெயர் இரண்டு அசையோடு நிற்கட்டும், ஆ, ஈ போல இழுக்க முடிகிற உயிரொலியில் முடியட்டும். ‘டிக்கா’, ‘பீட்டா’ என்றால் க், ட் காற்றிலும் வெட்டிக் கேட்கும், கடைசி ‘ஆ’வை நீட்டலாம். ‘சிம்’மை நீட்ட வழியில்லை, வாய் மூடிவிடுகிறது.

பலரும் தவறுவது கட்டளையில்தான். ‘சிட்டு’ அழகான பெயர். ஆனால் உட்கார ‘சிட்’ என்று பழக்கினால், கூப்பிடும்போதே குட்டி பாதி வழியில் உட்கார்ந்துவிடும். ‘வாலு’வில் ‘வா’ இருக்கிறது, ‘போலோ’வில் ‘போ’. பெயரைச் சொன்னதும் உங்களைப் பார்க்காமல் உட்கார்ந்தால் குழப்பம் வந்துவிட்டது என்று பொருள். அப்போது பெயரையே மாற்றுங்கள்: வீட்டுக்குள் ‘டிக்கா’ என்று ஒரே முறை சொல்லி, திரும்பிப் பார்த்த நொடியில் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று கொடுங்கள். அங்கே தவறாமல் திரும்பினால் அடுத்து முற்றம், பிறகு நீளக் கயிற்றோடு சரிவு. பழகும்வரை அந்தப் பெயரைச் சொல்லித் திட்டவே கூடாது.