ஒருவர் எழுதிய கட்டுரையில் ‘நாம்’ யார்?

போன மாதம் ஒரு நண்பர் தன் கட்டுரை வரைவை அனுப்பி, பார்த்துச் சொல்லச் சொன்னார். குறுந்தொகை 40ஆம் பாடல், ‘யாயும் ஞாயும்’ பற்றியது. அதில் ஒரு பத்தி இப்படி இருந்தது:

“செம்புலம் என்பதற்குச் செம்மண் நிலம் என்று பொருள் கொள்ளப்படுகிறது. இப்பொருள் போதாது எனக் கருதப்படுகிறது. நாங்கள் மூன்று பதிப்புகளை ஒப்பிட்டோம். இவ்வுவமை நம் வாழ்வோடு கலந்தது என்பதை நாம் அறிவோம்.”

முதல் இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். இரண்டிலும் ‘படுகிறது’. செம்மண் நிலம் என்று பொருள் கொண்டவர் உ.வே.சாமிநாதையர், அவருடைய 1937 பதிப்பில் அந்த உரை இருக்கிறது. அது போதாது என்று நினைப்பவரோ என் நண்பர். ஒரே வினைவடிவில் எழுதியதால் ஏற்கெனவே உள்ள கருத்தும் அவருடைய மறுப்பும் ஒன்றுபோலத் தெரிகின்றன. படிப்பவர் இந்த மறுப்பையும் யாரோ முன்பே சொன்னது என்று எடுத்துக்கொள்வார். கட்டுரையின் புதுக்கருத்தே அதுதான். அதை அவரே மறைத்துவிட்டார்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொரு ‘படுகிறது’ முன்னாலும் நின்று “யாரால்?” என்று கேட்பது. பதில் இன்னோர் அறிஞர் என்றால் அவர் பெயரைப் போடுங்கள். பதில் நீங்களே என்றால் ‘கருதுகிறேன்’ என்று எழுதுங்கள். தமிழில் ‘நான்’ என்ற சொல்கூட வேண்டாம், ‘ஏன்’ விகுதியே போதும். தன்னை முன்னிறுத்துவதாகத் தோன்றுமோ என்று கூச்சப்படுகிறவர்களுக்கு நம் மொழி தரும் பெரிய வசதி இது. பதில் யாரும் இல்லை என்றால் மட்டும் ஆளில்லாத நடை பொருந்தும். ‘செம்புலம் என்பதில் செம்மை, புலம் என்ற இரண்டு சொற்கள் உள்ளன’ என்பதற்கு எந்த ஆளும் தேவையில்லை.

அடுத்தது ‘நாங்கள்’. ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துப் பழகிய கையில் இது தானாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இரண்டாகப் பிரிகிறது: நாம் என்றால் கேட்பவரும் சேர்த்தி, நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. அப்படியானால் தனி ஒருவர் எழுதிய கட்டுரையில் ‘நாங்கள் ஒப்பிட்டோம்’ என்றால், அந்த இன்னொருவர் எங்கே? மதிப்பீட்டாளர் இணை ஆசிரியரின் பெயர் விட்டுப்போயிற்றோ என்றுகூட நினைக்கலாம். பதிப்புகளை ஒப்பிட்டவர் அவர் ஒருவர்தான், ‘ஒப்பிட்டேன்’ என்பதே உண்மை.

‘நாம்’ என்பதை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. படிப்பவரையும் கூட்டிக்கொண்டு பாடலைப் பார்க்கும் இடத்தில் அது அழகாகப் பொருந்தும். ‘மூன்றாம் அடியை இப்போது பார்ப்போம்’ என்றால் கட்டுரையாளரும் வாசகரும் ஒரே ஏட்டைக் குனிந்து பார்க்கிறார்கள். அந்த மூன்றாம் அடியிலேயே இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது: ‘யானும் நீயும் எவ்வழி அறிதும்’. தலைவன் ‘யான்’, ‘நீ’ என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு, ‘அறிதும்’ என்ற வினையில் இருவரையும் சேர்க்கிறான். முன்னிலையையும் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் இலக்கணத்தில் இதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள். யார் யாரைச் சேர்க்கிறான் என்று அங்கே ஐயமே இல்லை.

நண்பரின் நான்காம் வாக்கியத்தில் அந்தத் தெளிவு இல்லை. ‘நம் வாழ்வு’ என்றால் தமிழர் வாழ்வா, இன்றைய மனிதர் வாழ்வா, சங்க ஆய்வாளர்களா? முந்தைய பக்கத்தில் ‘பார்ப்போம்’ என்றபோது வாசகர் இருந்த ‘நாம்’, இங்கே ஓர் இனத்தின் ‘நாம்’ ஆகிவிட்டது. சங்கப் பாடல்களைத் தமிழ் கற்ற வெளிநாட்டவரும் படிக்கிறார்கள். அவர்கள் சட்டென்று வெளியே நிறுத்தப்படுகிறார்கள். தவிர, ‘நாம் அறிவோம்’ என்பது சான்று கொடுக்க வேண்டிய இடத்தில் சம்மதம் கேட்கிறது. இந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

சில ஆய்விதழ்கள் தன்மை ஒருமையை ஏற்பதில்லை. அனுப்புமுன் அவற்றின் கடைசி இரண்டு மூன்று இதழ்களைப் புரட்டினாலே தெரிந்துவிடும். அப்போது பலர் ‘இக்கட்டுரையாளர் கருதுகிறார்’, ‘ஆய்வாளர் ஒப்பிட்டார்’ என்று எழுதிவிடுகிறார்கள். முந்தைய வரியில் வேறோர் ஆய்வாளரை மேற்கோள் காட்டியிருந்தால், ‘ஆய்வாளர்’ யார் என்று குழப்பம் வரும். அதைவிடப் பாடலையோ வாதத்தையோ எழுவாய் ஆக்கிவிடலாம்: ‘அறிதும் என்ற வினை இருவரையும் இணைக்கிறது’, ‘இக்கட்டுரையின் வாதம் இது’.

சரி, அந்தப் பத்தி திருத்தியபின் இப்படி வந்தது: “செம்புலம் என்பதற்கு உ.வே.சாமிநாதையர் (1937) செம்மண் நிலம் என்று உரை கொள்கிறார். மூன்று பதிப்புகளை ஒப்பிட்டபின், அப்பொருள் போதாது என்று கருதுகிறேன். காரணத்தை மூன்றாம் அடியிலிருந்து பார்ப்போம்.”