மஞ்சளான பேப்பர் கட்டிங்கை க்ளீன் பண்றப்போ செய்யக்கூடாத தப்புகள்: புள்ளி போறதும், அழிஞ்ச சொல்லை ஊகத்துல நிரப்புறதும்

எங்க தாத்தாவைப் பத்தி 1964ல ஒரு சின்ன பேப்பர்ல வந்த செய்தி, ஒரே பத்தி அகலம், பதினெட்டு வரி. அத்தை அதை நாலா மடிச்சு டிரங்குப் பெட்டியில வச்சிருந்தாங்க. பேப்பர் டீ கலருக்கு வந்துருச்சு, நடு மடிப்பு விழுந்த இடத்துல மை உதிர்ந்து ஒரு சொல் போயிருச்சு. நாலாவது வரியில "உயர்நிலைப் பள்ளி த" வரைக்கும் தெரியுது, அப்புறம் வெள்ளையா ஒரு மடிப்புக் கோடு, அதுக்கப்புறம் "ஆசிரியர்"னு இருக்கு. தாத்தா தலைமை ஆசிரியரா இருந்தார்னுதான் வீட்ல எல்லாரும் சொல்லுவாங்க, அதனால "அங்க 'தலைமை'ன்னு டைப் பண்ணி வச்சிரு, பிரேம் போட்டு மாட்டிடலாம்"னு அத்தை சொன்னாங்க. அந்த ஒரு சொல்லுக்காக நான் பட்ட பாட்டுலதான் கீழ இருக்கிற எல்லாம் கத்துக்கிட்டேன்.

முதல் தப்பு ஸ்கேனர்லயே நடந்துடுது. மஞ்சள் அசிங்கமா இருக்குன்னு நேரா கருப்பு வெள்ளை மோடுல ஸ்கேன் எடுத்துடுறாங்க, இல்லன்னா போன்ல ஸ்கேனர் ஆப் போட்டு எடுக்குறாங்க, அதுவே பளிச்னு வெள்ளையாக்கிக் கொடுத்துடுது. எது மை எது கறைன்னு அந்த இடத்துலயே மெஷின் முடிவு பண்ணிடுச்சு, அப்புறம் நீங்க என்ன பண்ணினாலும் போனது போனதுதான். கலர்ல, 600 டிபிஐல, டிஃப் ஃபைலா எடுங்க. கட்டிங்குக்குப் பின்னாடி ஒரு கருப்பு சார்ட் பேப்பர் வைங்க, ஏன்னா நியூஸ்பிரிண்ட் ரொம்ப மெலிசு, ஸ்கேனர் மூடி வெள்ளையா இருக்கறதால வெளிச்சம் ஊடுருவிப் போய் திரும்பி வந்து பின்பக்கத்து விளம்பரமெல்லாம் பேய் மாதிரி முன்னாடி தெரியும். கருப்புத் தாள் வச்சா அந்த வெளிச்சம் திரும்பாது. கட்டிங் மொத்தமா கொஞ்சம் இருட்டாத் தெரியும், அது பின்னாடி சரி பண்ணிக்கலாம்.

அடுத்தது மஞ்சளை எடுக்குறது. பொதுவா எல்லாரும் செய்றது டீசாச்சுரேட் பண்ணி, அதாவது கலரை மொத்தமா எடுத்துட்டு, கான்ட்ராஸ்டை ஏத்துறது. அதுல பேப்பரோட பழுப்பு அப்படியே சாம்பல் நிறமா மாறி எழுத்தோட சண்டை போடும். காரணம் என்னன்னா, மரக்கூழ்ல இருக்கிற லிக்னின் காத்தும் வெளிச்சமும் பட்டு மாறி நீல ஒளியை உறிஞ்ச ஆரம்பிக்குது, அதனாலதான் தாள் நமக்கு மஞ்சளாத் தெரியுது. கலர் ஸ்கேன்ல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு அடுக்கு இருக்கும், அதைத்தான் சேனல்னு சொல்றது. அப்போ நீல சேனலை மட்டும் பார்த்தீங்கன்னா தாள் கருகருன்னு இருக்கும், சிவப்பு சேனலைப் பார்த்தா தாள் கிட்டத்தட்ட வெள்ளையா இருக்கும், ஆனா அச்சு மை கார்பன் கருப்புங்கறதால ரெண்டுலயும் கருப்பாவே நிக்கும். டீக்கறை, துருக்கறையும் சிவப்புல நல்லாவே மங்கிடும். ஜிம்ப்னு படம் திருத்துற இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல Colors → Components → Mono Mixer போய் சிவப்பை 1, மத்த ரெண்டையும் 0 வச்சா பாதி வேலை முடிஞ்சது. ஒரே ஒரு விதிவிலக்கு: எழுத்து மேல யாராவது நீல பால்பாயின்ட் பேனாவால கோடு போட்டிருந்தா சிவப்பு சேனல்ல அது கருப்பா எழும்பி நிக்கும், அந்த இடத்தை மட்டும் நீல சேனல்ல பாருங்க, கோடு வெளுத்துப் போய் அடியில இருக்கிற எழுத்து தெரிய வாய்ப்பிருக்கு.

இதுக்கப்புறமும் ஓரத்துல இருட்டு, நடுவுல வெளிச்சம்னு திட்டுத்திட்டா இருக்கும். அதுக்கு அதே படத்தை நல்லா மங்கலாக்கி, அந்த மங்கலால அசலை வகுத்துட்டா பின்னணி சமமாயிடும். கட்டளை அடிச்சே படத்தை மாத்துற இமேஜ்மேஜிக் இருந்தா டெர்மினல்ல ரெண்டு வரி போதும்:

```
magick katting.tif -channel R -separate red.tif
magick red.tif \( +clone -blur 0x60 \) -compose Divide_Src -composite flat.tif
```

இது வரைக்கும் எல்லாம் சுகமாப் போகும். தமிழ் கட்டிங் கெட்டுப்போறது இதுக்கடுத்த இடத்துலதான். பின்னணியில சின்னச் சின்ன தூசி தெரியும், டீஸ்பெக்கிள்னு ஒரு ஃபில்டர் கண்ணுல படும், ஒரு கிளிக், தூசி எல்லாம் போயிடும், கூடவே மெய்யெழுத்துப் புள்ளியும் போயிடும். அந்த ஃபில்டருக்கு சின்ன கருப்பு வட்டம்னா அழுக்குதான், அதுக்கு தமிழ் தெரியாது. என் கட்டிங்ல ஒரு புள்ளி 600 டிபிஐல எட்டு ஒன்பது பிக்சல் அகலம், 200 டிபிஐல எடுத்திருந்தா மூணு பிக்சல்கூட தேறாது, தூசியும் அதே சைஸ்தான். "பள்ளி" "பளளி" ஆயிடும். கருப்பு வெள்ளை அளவைக் கூட்டிக் குறைக்கிற லெவல்ஸை ரொம்ப இழுத்தாலும் இதே கதைதான், வெள்ளையை அதிகமாத் தள்ளினா ஏ-வோட அடிக்கோடு போய் எ ஆயிடும், ர-வோட கீழ்க்கால் தேஞ்சு வெறும் துணைக்காலாயிடும். அதனால தாளை முழு வெள்ளையாக்க ஆசைப்படாதீங்க, 255 வேணாம், 240 பக்கத்துல நிறுத்துங்க, லேசான சாம்பல் இருக்கட்டும். தூசியைக் கையாலதான் எடுக்கணும், அதுவும் ரெண்டு வரிக்கு நடுவுல இருக்கிறதையும் மார்ஜின்ல இருக்கிறதையும் மட்டும், எழுத்துக்குத் தலைக்கு மேல இருக்கிற எந்தப் பொட்டையும் அசலைப் பெருசாக்கிப் பார்க்காம தொடாதீங்க. முடிச்சதும் ஏதாவது மூணு வரி எடுத்து அசல்ல எத்தனை புள்ளி, க்ளீன் பண்ணினதுல எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. பத்து நிமிஷ வேலை. நான் முதல் தடவை இதைச் செய்யாம விட்டதுல, அந்தக் காணாமப்போன சொல்லுக்கு இருந்த ஒரே தடயத்தையும் அழிச்சுட்டேன், நல்லவேளை அசல் ஸ்கேன் பத்திரமா இருந்துச்சு.

அந்தத் தடயம் என்னன்னா, மடிப்புக் கோட்டுக்கு வலது ஓரத்துல, வரிக்கு மேல ஒரு கருப்புப் பொட்டு. வீட்ல சொல்ற "தலைமை"யை மனசுல வச்சுப் பார்த்தப்போ அது பழைய லை-யோட தும்பிக்கை மாதிரியே இருந்துச்சு. இந்த விஷயம் தெரியாம நிறைய பேர் தப்பு பண்றாங்க. 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவர்றதுக்கு முன்னாடி பொதுவா அச்சுல ணை, லை, ளை, னை நாலும் முன்னாடி ஐகாரக் கொம்பு இல்லாம, எழுத்தோட ஒட்டின தும்பிக்கை மாதிரி வளைவோட இருக்கும், ணா, றா, னா, அந்த ண, ற, ன மூணோட ஒகர ஓகாரம் எல்லாம்கூட வேற வடிவம், மொத்தம் பதிமூணு எழுத்து. பெரியார் தன்னோட குடி அரசு பத்திரிகையில 1935லயே புது வடிவத்தைப் பயன்படுத்த ஆரம்பிச்சுட்டார், ஆனா மத்த பத்திரிகைகள்ல ரொம்ப காலம் பழசுதான். யூனிகோட்ல ரெண்டு வடிவத்துக்கும் தனித்தனி குறியீடு கிடையாது, எப்படித் தெரியணும்ங்கறது ஃபான்ட்டோட வேலை. அப்போ 1964 கட்டிங்ல இப்போ இருக்கிற ஃபான்ட்ல "தலைமை"ன்னு அடிச்சா, பழைய அச்சைப் பார்த்துப் பழகினவங்களுக்கு அந்த லை உடனே கண்ணுல குத்தும். பழைய வெர்ஷன் ஃபோட்டோஷாப்ல அடிக்கிறவங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, டைப் செட்டிங்ல World-Ready Layout வைக்கலன்னா கொம்பு தப்பான பக்கம் போய் நிக்கும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஊகிக்கிறதுக்கு முன்னாடி அளக்கணும். கை அச்சுல அதே சைஸ் எழுத்துன்னா ஒரே சொல் எங்க வந்தாலும் அகலம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், வரியை ரெண்டு பக்கமும் சமமாக்கறதுக்கு சொல்லுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைத்தான் கூட்டிக் குறைப்பாங்க. என் அதிர்ஷ்டம், அதே கட்டிங்ல ரெண்டாவது வரியில "தலைமையில் கூட்டம் நடந்தது"ன்னு இருந்துச்சு, பதினோராவது வரியில "தமிழ் மன்றம்"னு இருந்துச்சு. ஜிம்ப்ல இருக்கிற மெஷர் டூலால அளந்தேன். "தலைமை" 290 பிக்சல், "தமிழ்" 205. நாலாவது வரியில த தொடங்குற இடத்துல இருந்து "ஆசிரியர்" தொடங்குற வரைக்கும் மொத்தமே 250 பிக்சல்தான், அந்த வரியில மத்த இடைவெளி எல்லாம் 40ல இருந்து 48 வரைக்கும் இருந்துச்சு. அப்போ சொல்லுக்கு மிஞ்சுறது 205 பக்கம். மடிப்பு சரியா விரியாம ஒரு பத்து பிக்சல் உள்ள போயிருக்கலாம், எண்பத்தஞ்சு பிக்சல் போக வாய்ப்பே இல்ல. "துணை"யா இருக்குமோன்னு பார்த்தா, து-வோட உருவமே வேற, இங்க வெறும் த தெளிவா நிக்குது. கடைசியா அந்தப் பொட்டு: த-வோட இடது ஓரத்துல இருந்து 170 பிக்சல் தள்ளி இருந்துச்சு, லை-யோட தும்பிக்கைன்னா த முடிஞ்ச உடனேயே வந்திருக்கணும். பதினோராவது வரி "தமிழ்"ல ழ் மேல இருக்கிற புள்ளி 172ல.

அதுக்கப்புறமும் ஒரு தடவை அசல் கட்டிங்கை மேஜையில குப்புறப் போட்டு, டார்ச்சை பக்கவாட்டுல கிட்டத்தட்ட படுக்க வச்சு அடிச்சுப் பார்த்தேன். அச்சுக் கட்டை அழுத்தின தடம் சில நேரம் பின்பக்கம் புடைச்சுத் தெரியும், மை உதிர்ந்தாலும் தடம் இருக்கும். மடிப்புல முழுசாத் தெரியல, ஆனா ழ-வோட கீழ்ச்சுழி மட்டும் ஒரு மெல்லிசு மேடா இருந்துச்சு. தாத்தா அந்த வருஷம் தமிழ் ஆசிரியர். தலைமை ஆசிரியர் ஆனது அதுக்குப் பின்னாடியா இருக்கணும். நான் அன்னைக்கே "தலைமை"ன்னு போட்டிருந்தா எங்க வீட்டுச் சுவத்துல ஒரு பொய்யான அச்சு ஆதாரம் தொங்கியிருக்கும், அடுத்த தலைமுறை அதைக் காட்டித்தான் பேசியிருக்கும்.

நிரப்புறதுக்கு ஃபான்ட் வேணாம், அதே கட்டிங்ல இருக்கிற சொல்லையே எடுங்க. தலைப்புல இருந்து எடுக்காதீங்க, சைஸ் வேற, பெருசைச் சுருக்கினா கோட்டோட தடிமன் ஒத்துவராது. பின்னணியைச் சமமாக்கின படத்துல இருந்து "தமிழ்"ஐ காப்பி பண்ணி, தனி லேயரா வச்சு, மோடை Darken only ஆக்கிட்டா சுத்தி இருக்கிற தாளோட கட்டம் தெரியாது. மிச்சமிருக்கிற த-வும் அந்தப் புள்ளியும்தான் உங்களுக்கு ஆணி, அது ரெண்டு மேலயும் சரியா உட்கார்ற மாதிரி நகர்த்துங்க, அசல்ல உயிரோட இருக்கிற மையை அழிச்சுட்டு மேல ஒட்டாதீங்க. மடிப்புல வரி லேசா சாய்ஞ்சிருந்தா அரை டிகிரி திருப்ப வேண்டியிருக்கும். வேணுங்கிற சொல் முழுசாக் கிடைக்கலன்னா எழுத்து எழுத்தாச் சேர்க்கலாம். எழுத்தே கிடைக்கலன்னா காலியாவே விட்டுடுங்க, அந்த வெள்ளை இடமும் கட்டிங்கோட ஒரு பகுதிதான்.

ஃபைல் மூணா வைங்க: தொடாத கலர் ஸ்கேன், க்ளீன் பண்ணி காலியா விட்டது, நிரப்பினது. செய்தியை டைப் பண்ணி வைக்கிறீங்கன்னா நாம சேர்த்ததை [தமிழ்]னு சதுர அடைப்புக்குள்ள போடுங்க. பிரேம் போட்டதுக்கு அடியில நான் சின்னதா எழுதி வச்சது இதுதான்: "4-வது வரியில 'தமிழ்' மடிப்புல அழிஞ்சது, இதே செய்தியோட 11-வது வரியில இருந்து எடுத்து வச்சது."