விடுதிக்குப் போகும் துணிக்குக் குறி போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மகனை ஆறாம் வகுப்பில் விடுதியில் சேர்த்தபோது ஐந்து வெள்ளைச் சட்டை கொடுத்து அனுப்பினோம். காலாண்டு லீவுக்கு வந்தான். பெட்டியிலும் ஐந்து சட்டை இருந்தது. ஆனால் அதில் எங்களுடையது இரண்டுதான். ஒன்று தோள் இறங்கி நின்றது, ஒன்றின் பட்டன் வேறு, இன்னொன்றில் வேறு கடை லேபிள். சலவைக்குப் போடும்போதும் வாங்கும்போதும் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால், துணி மாறியது யாருக்கும் தெரிவதில்லை.

நாங்கள் குறி போடாமல் அனுப்பவில்லை. "எஸ்.கே." என்று எழுதித்தான் அனுப்பினோம். அவன் ஹாலில் மட்டும் அந்த இனிஷியலில் மூன்று பேர். அறை எண்ணும் உதவாது, வருஷா வருஷம் மாறும். விடுதியில் கொடுக்கும் எண்ணோ அட்மிஷன் எண்ணோ தான் சரி, படிப்பு முடியும் வரை மாறாததாக இருந்தால் போதும். எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள். துணியைத் தலைகீழாகப் பிடித்தால் 961 என்பது 196 ஆகத் தெரியும். கோடு இருந்தால் எது கீழ்ப்பக்கம் என்று குழப்பம் வராது.

அடுத்த தவறு, கழுத்தில் இருக்கும் வழவழப்பான லேபிளில் பேனாவால் எழுதுவது. அது பெரும்பாலும் பாலியஸ்டர், மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். நாலைந்து சலவையில் மங்கி, பிறகு ஒன்றும் படிக்க முடியாது. பருத்தித் துணியிலும் புதுசாக இருக்கும்போதே எழுதக் கூடாது. கடைக் கஞ்சியின் மேல் எழுதிய மை, கஞ்சியோடு போய்விடும். ஒருமுறை அலசிக் காயவைத்து, துணியில் எழுதும் மார்க்கரால் எழுதி, ஒரு நாள் விட்டு, பின்பக்கமாக இஸ்திரி போட்ட பிறகே தண்ணீரில் நனைக்க வேண்டும். அந்தக் காலத்துச் சலவைக்காரர்கள் சேராங்கொட்டைச் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்துப் போட்ட குறி துணி கிழிந்தாலும் போகாது. ஆனால் அந்தச் சாறு தோலைப் புண்ணாக்கிவிடும், வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது அரை அங்குலப் பருத்தி நாடா. அடர்நீலப் பேண்ட்டில் எந்த மார்க்கரும் தெரியாது, வெள்ளை நாடாவில் பளிச்சென்று தெரியும். முதலில் நாடாவைச் சுடுதண்ணீரில் நனைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தைத்த பிறகு அது சுருங்கித் துணியையும் சேர்த்து இழுக்கும். நாடா முழுவதும் இடைவெளி விட்டு எண்ணை எழுதி, இஸ்திரி போட்டு, துண்டு துண்டாக வெட்டி, இரண்டு முனையையும் உள்ளே மடித்து நாலு பக்கமும் தைக்க வேண்டும். இரு முனையை மட்டும் தைத்தால் நடுவில் வளையம் போல் நின்று, மற்ற துணியில் மாட்டிப் பிய்ந்துவிடும். எலாஸ்டிக் மேல் தைக்காதீர்கள், இழுபடும்போது நூல் அறுந்துவிடும். ஜட்டியிலும் டிரவுசரிலும் எலாஸ்டிக்குக்குக் கீழே தைத்தால் நிற்கும்.

இடமும் முக்கியம். குவியலைப் பிரிப்பவர் ஒவ்வொரு துணியையும் உதறித் தேட மாட்டார். சட்டைக்குக் கழுத்தின் உள்பக்கம், பேண்ட்டுக்கு இடுப்புப் பட்டியின் உள்ளே பின்பக்கம், துண்டுக்கும் போர்வைக்கும் ஒரு மூலை. எல்லாத் துணியிலும் இதே இடம்தான். சாக்ஸுக்கு எண் வேண்டாம். ஒரே நிற நூலால் இரண்டிலும் விரல் நுனியில் நாலு தையல் போட்டு, எண் தைத்த வலைப்பையில் போட்டு முடிந்து சலவைக்குக் கொடுக்கலாம்.

ஷூவில் பாதம் படும் அட்டையில் எழுதாதீர்கள். வியர்வையிலும் உரசலிலும் சீக்கிரம் அழிந்துவிடும். ஷூவின் நாக்கைத் தூக்கி, அதன் உள்பக்கம் எழுதுங்கள். கறுப்பாக இருந்தால் வெள்ளை பெயிண்ட் மார்க்கர். இரண்டு காலிலும் எழுத வேண்டும். ஷூ ஜோடியாக மாறுவதை விட ஒற்றையாக மாறுவதுதான் அதிகம். இடது 4, வலது 5 என்று போட்டுக்கொண்டு, கால் கடிக்கிறது என்று மகன் ஒரு வாரம் நொண்டினான். ரப்பர் செருப்புக்கு அடியில், தரையில் படாத நடுக்குழிவில், சூடான ஊசியால் புள்ளி வைத்து எண் போடலாம். அதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் ஒன்று. இவ்வளவும் செய்து அனுப்பினோம். அந்த வருஷம் தொலைந்தது தீபாவளிக்குப் பிறகு வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர் மட்டும்தான். அதற்குக் குறி போடவில்லை. இப்போது எழுதி வைத்த நாடாத் துண்டு பத்தும், நூல் கோத்த ஊசி ஒன்றும் அவன் பெட்டியின் மூடிப் பையிலேயே இருக்கின்றன.