பம்ப் ஓடினால் சுவர் முனகியது

ஹட்டனில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள தொட்டியிலிருந்து கூரையில் உள்ள தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு அங்குல ஜி.ஐ. பைப் சுவரோடு ஏறுகிறது. பம்பைப் போட்டால் படுக்கையறைச் சுவர் 'ம்ம்ம்' என்று முனகும். குழாய் வேலை பாஸ் வந்து பம்புக்கு அடியில் ரப்பர் பாய் போட்டார், காற்றை வெளியேற்றினார். பிறகு கிளாம்புகளை இறுக்கினார். சத்தம் கூடியது!

வழி காட்டியது ஒரு சின்ன விஷயம். சுவிட்சை அணைத்ததும் முனகல் சட்டென்று நின்றுவிடும், ஆனால் மோட்டார் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். வேகம் கொஞ்சம் குறைந்தவுடனேயே சத்தம் போகிறதென்றால் அது ஒத்ததிர்வாக இருக்கலாம். மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 48. பைப்பின் இயல்பான அதிர்வும் அதன் பக்கத்தில் விழுந்தால் பைப் பலமாக அதிரும். பம்ப் ஓடும்போது பைப்பைக் கையால் தடவிப் பார்த்தேன். இரண்டு கிளாம்புகளுக்கு இடையே ஆறடி இடைவெளி இருந்த ஓரிடத்தில், நடுவில் அழுத்தினால் மட்டும் சத்தம் அடங்கியது.

அங்கே இன்னொரு கிளாம்ப் போட்டேன், சரியாக நடுவில் அல்ல. மூன்றரை அடி, இரண்டரை அடி என்று பிரியும்படி. இடைவெளி பாதியானால் பைப்பின் இயல்பான அதிர்வெண் நான்கு மடங்காகி மோட்டாரின் வேகத்தைவிட்டு விலகிவிடும். மூன்றரை அடிக்கே ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்புறம் எல்லாக் கிளாம்புக்குள்ளும் தடித்த ரப்பர் பட்டை வைத்தேன். ரப்பர் பிதுங்கும் அளவுக்குத் திருகை முறுக்கக் கூடாது. நசுங்கிய ரப்பர் அதிர்வை அப்படியே சுவருக்குக் கடத்திவிடும். பைப் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் பூச்சு ஒட்டியிருந்ததையும் சுரண்டி எடுத்தேன்.

இப்போது பம்பின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.