தயிரில் தண்ணீர் மிதக்காமல் இருக்க

பால் பொங்கியதும் அடுப்பை அணைத்துவிடாதீர்கள். தீயைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் கிளறியபடி இன்னும் பத்து நிமிடம் காய விடுங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறிய பிறகு, அரை லிட்டர் பாலுக்கு அரை டீஸ்பூன் உறை ஊற்றினால் போதும். தயிர் தோய்ந்தவுடன், புளிக்கும் வரை காத்திராமல், ஆட்டாமல் பிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

தயிர் என்பது பால் புரதம் பின்னிய வலை. அதன் கண்களில்தான் தண்ணீர் தங்கியிருக்கிறது. பாலை நன்றாகக் காய்ச்சும்போது, கரைந்திருக்கும் மோர்ப்புரதமும் உருமாறி அந்த வலையில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் பிடித்து நிற்கிறது. பாக்கெட் பாலைப் பதப்படுத்தும் சில நொடிச் சூடு இதற்குப் போதாது. உறை அதிகமானாலோ, வெயில் நாளில் இரவு முழுக்க வெளியே கிடந்தாலோ புளிப்பு ஏறி வலை சுருங்கும். ஈரத்துணியைப் பிழிந்தது போல இளமஞ்சள் நிறத் தண்ணீர் மேலே வந்துவிடும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். நாக்கில் வைத்தால் புளிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

கரண்டியால் எடுத்த பள்ளத்தில் மறுநாள் தண்ணீர் ஊறுவதை மட்டும் இந்த வழியால் தடுக்க முடியாது. வலை அறுந்த இடத்தில் அது கசியத்தான் செய்யும், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. கலக்கிக்கொள்ளலாம், அல்லது வடித்துச் சப்பாத்தி மாவு பிசையலாம். நிறம் மாறினாலோ பூஞ்சை வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள்.