ப்ரீ-வொர்க்கவுட் டப்பாவில் உண்மையில் எவ்வளவு காஃபீன்? லேபிளைக் கணக்குப் போட்டுப் படிப்பது எப்படி

ப்ரீ-வொர்க்கவுட் பொடியைக் குடித்த அரை மணி நேரத்தில் கிடைக்கிற வேகம் பெரும்பாலும் காஃபீனிலிருந்து வருகிறது. டப்பாவில் பதினைந்து பெயர்கள் அச்சாகியிருக்கலாம். அவற்றில் கிரியாட்டினும் பீட்டா-அலனினும் தினமும் எடுத்து, சில வாரங்களில் பலன் தருபவை. பயிற்சிக்கு அரை மணி முன்னால்தான் குடிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, ரத்த அழுத்த ஏற்றம் என்று ஆளைப் படுத்துபவை காஃபீனும் அதன் கூட்டாளிகளான மற்ற தூண்டிகளும்தான். ஆகவே புதிதாக வாங்குகிறவர் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்று: ஒரு ஸ்கூப்பில் எல்லாமாகச் சேர்த்து எவ்வளவு தூண்டி உள்ளே போகிறது? லேபிளில் 'காஃபீன்' என்ற பெயருக்கு எதிரே இருக்கும் எண் மட்டும் இதற்கு விடை ஆகாது.

படி 1: உங்களுக்கு இது ஆகுமா என்று பாருங்கள்

கணக்குக்குப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள். உயர் ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, இதயத் தசை தடித்திருப்பது, வலிப்பு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, அடிக்கடி பதற்றத் தாக்குதல் வருவது, இவற்றில் ஏதாவது இருந்தால் தூண்டி கலந்த பொடி வேண்டாம். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இதயம் நின்று இறந்திருந்தால், மருத்துவரிடம் இ.சி.ஜி. பார்க்காமல் தொடாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இது தேவையே இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஒரு நாள் முழுவதற்குமான காஃபீன் வரம்பே 200 மி.கி. தான். சில டப்பாக்களில் ஒரே ஸ்கூப் அதைத் தாண்டிவிடும்.

பலரும் கவனிக்காமல் விடுவது மாத்திரைகளை. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கப்படும் சிப்ரோஃப்ளாக்சசினும், மனநோய்க்குக் கொடுக்கப்படும் ஃப்ளூவாக்சமினும் கல்லீரல் காஃபீனைச் சிதைக்கும் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. வழக்கமான ஒரு ஸ்கூப்பே அப்போது இரண்டு மூன்று ஸ்கூப் போல உடலில் தங்கும். கருத்தடை மாத்திரையும் காஃபீன் வெளியேறும் நேரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் காஃபீனின் நெருங்கிய உறவு. இரண்டும் சேர்ந்தால் படபடப்பும் வாந்தியும் வரும். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், ஃபீனைலெஃப்ரின் ஆகியவையும் ரத்த அழுத்தத்தை ஏற்றுபவை. சளி பிடித்த வாரத்தில் பொடியை நிறுத்திவையுங்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் காஃபீன் இல்லாத 'பம்ப்' பொடிகளையும் தவிர்க்க வேண்டும். அவற்றில் இருக்கும் சிட்ருலின் ரத்தக் குழாய்களை விரிப்பது. மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கலாம்.

படி 2: ஒரு 'சர்விங்' என்றால் எத்தனை ஸ்கூப்?

டப்பாவின் பின்புறத்தில் அட்டவணைக்கு மேலேயே இது இருக்கும். சில நிறுவனங்கள் ஒரு ஸ்கூப்புக்கு எண் போடும், சில இரண்டு ஸ்கூப்புக்குப் போடும். இதைப் பார்க்காமல் "எல்லாரும் இரண்டு ஸ்கூப்தான் போடுகிறார்கள்" என்று போட்டால், ஒரு ஸ்கூப்புக்கு எழுதிய அளவு அப்படியே இரட்டிக்கும்.

படி 3: காஃபீனின் எல்லாப் பெயர்களையும் கூட்டுங்கள்

காஃபீன் ஒரே லேபிளில் பல பெயர்களில் வரும். காஃபீன் அன்ஹைட்ரஸ் என்பது கிட்டத்தட்ட முழுக் காஃபீன். டைகாஃபீன் மாலேட்டில் சுமார் 75 சதவீதமும், காஃபீன் சிட்ரேட்டில் பாதியும் காஃபீன். குவாரனா விதைச்சாறு, கோலா கொட்டை, யெர்பா மாட்டே, கிரீன் டீ சாறு, பச்சைக் காபிக்கொட்டைச் சாறு ஆகியவை மூலிகைப் பெயரோடு வந்தாலும் உள்ளே இருப்பது அதே காஃபீன்தான். சாறுகளில் '22% காஃபீன்' என்பதுபோல் சதவீதம் போட்டிருந்தால் அதைப் பெருக்கிக்கொள்ளலாம். போடவில்லையென்றால், கணக்கில் வராத காஃபீன் இருக்கிறது என்று குறித்துவையுங்கள்.

படி 4: பிளெண்டை உடையுங்கள்

ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. 'ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்' என்றால் கலவையின் மொத்த எடை மட்டும் லேபிளில் இருக்கும். உள்ளே ஒவ்வொன்றும் எவ்வளவு என்று இருக்காது. அமெரிக்காவில் இது சட்டப்படியே அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதே விதிகள், கலவைக்குள் எடை அதிகமானதை முதலில் எழுதியாக வேண்டும் என்றும் சொல்கின்றன. அந்த வரிசையை வைத்து நாம் ஓர் உச்சவரம்பு கண்டுபிடிக்கலாம்.

முறை எளியது. பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் பொருள் மொத்த எடையில் பாதியைத் தாண்ட முடியாது, ஏனென்றால் அதற்கு முன்னால் இருப்பதும் குறைந்தது அதே அளவு இருந்தாக வேண்டும். மூன்றாவது பொருள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது, நான்காவது கால் பங்கைத் தாண்டாது.

உதாரணத்துக்காக நாங்கள் எழுதிய ஒரு லேபிள் இது. ஒரு ஸ்கூப் 12 கிராம். பீட்டா-அலனின் 3.2 கிராம், சிட்ருலின் மாலேட் 4 கிராம், காஃபீன் அன்ஹைட்ரஸ் 200 மி.கி. அதற்குக் கீழே 'எனர்ஜி பிளெண்ட் 900 மி.கி.' என்று போட்டு, டாரின், டைகாஃபீன் மாலேட், குவாரனா விதைச்சாறு (22% காஃபீன்), யோஹிம்பே பட்டைச்சாறு என்று நான்கு பெயர்கள்.

வாங்குகிறவர் கண்ணில் படுவது 200. இப்போது பிளெண்டைப் பாருங்கள். டைகாஃபீன் மாலேட் இரண்டாவது இடத்தில் இருக்கிறது, ஆகவே அதிகபட்சம் 450 மி.கி. அதில் முக்கால் பங்கு காஃபீன் என்றால் சுமார் 337 மி.கி. டாரினும் டைகாஃபீனும் 450 வீதம் எடுத்துக்கொண்டால் குவாரனாவுக்கு இடமே இருக்காது, அதனால் அதைத் தனியாகக் கூட்ட வேண்டாம். மூன்றும் சமமாக 300 வீதம் இருந்தால் 225 + 66 = 291; இது முந்தையதைவிடக் குறைவு. ஆக, இந்த ஸ்கூப்பின் காஃபீன் 200-க்குச் சற்று மேலே தொடங்கி 537 மி.கி. வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். உண்மை அளவு உச்சத்தில் இருக்க வாய்ப்பு குறைவுதான். ஆனால் 200-க்கும் 537-க்கும் நடுவில் எங்கே என்று சொல்ல லேபிளில் எதுவும் இல்லாதபோது, எங்கள் கருத்தில் அந்த டப்பாவைக் கடையிலேயே விட்டுவிடுவது நல்லது. எல்லா அளவையும் தனித்தனியாகப் போடும் நிறுவனங்கள் நிறையவே இருக்கின்றன.

படி 5: காஃபீன் அல்லாத தூண்டிகளைத் தேடுங்கள்

மேலே இருக்கும் லேபிளில் கடைசியாக நிற்கும் யோஹிம்பே சாதாரண மூலிகை போலத் தெரியும். அதன் தூண்டிப் பொருளான யோஹிம்பின் சில மில்லிகிராமிலேயே வேலை செய்வது. ரத்த அழுத்தத்தையும் பதற்றத்தையும் ஏற்றுவது. 'பட்டைச்சாறு இத்தனை மி.கி.' என்று மட்டும் போட்டிருந்தால் அதில் யோஹிம்பின் எவ்வளவு என்று தெரியாது. ஆல்ஃபா-யோஹிம்பின், ராவுல்சின் என்ற பெயர்களிலும் இதே குடும்பம் வரும். மனநலத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் இதைப் பார்த்தால் டப்பாவை வைத்துவிடுங்கள். 'பிட்டர் ஆரஞ்சு' என்று வரும் சைனெஃப்ரினும் காஃபீனோடு சேர்ந்து இதயத் துடிப்பைக் கூட்டும்.

டி.எம்.ஏ.ஏ. இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மெத்தில்ஹெக்சனமின், 1,3-டைமெத்தில்அமைலமின், ஜெரேனியம் சாறு என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதுதான். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. 2012-இல் இதை விற்ற நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே ஆண்டு லண்டன் மாரத்தானில் எல்லைக்கோட்டுக்கு அருகே 30 வயதுப் பெண் ஒருவர் விழுந்து இறந்தார். அவர் குடித்த பானத்தில் டி.எம்.ஏ.ஏ. இருந்தது, கடும் உழைப்போடு சேர்ந்து அது இறப்புக்குக் காரணமாகியிருக்கலாம் என்று மரண விசாரணையில் முடிவானது. இதன் இடத்தைப் பிடிக்க வந்த டி.எம்.எச்.ஏ. லேபிளில் ஆக்டோட்ரின், 2-அமினோஐசோஹெப்டேன், வால்நட் மரச்சாறு என்றெல்லாம் வரும். போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், "பொடியில் இருந்தது எனக்குத் தெரியாது" என்ற பதில் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. தடைசெய்யப்பட்ட பொருள் இருக்கிறதா என்று பொடிகளைச் சோதித்துத் தரும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்.எஸ்.எஃப். சர்ட்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் முத்திரை இருந்தால், உங்கள் டப்பாவின் விவரத்தை அவர்கள் தளத்தில் தேடிப் பாருங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் உரிமம் யாருடையது என்பதைத்தான் காட்டும். அந்த டப்பாவைச் சோதித்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

படி 6: அன்றைய நாள் கணக்கோடு சேருங்கள்

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன வரம்பு, ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரே வேளையில் 200 மி.கி., நாள் முழுவதற்கும் 400 மி.கி. ஒரு டம்ளர் காபிக்குச் சுமார் 80, டீக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிகாக்‌ஷன் கெட்டியாக இருந்தால் கூடும். இந்தியாவில் எனர்ஜி டிரிங்குக்கு லிட்டருக்கு 300 மி.கி. உச்சம் என்பதால் 250 மி.லி. கேனில் 75 வரை இருக்கும். காலையில் இரண்டு காபி, மாலையில் ஒரு டீ குடிப்பவர் ஜிம்முக்கு வரும்போதே 200-ஐத் தொட்டிருப்பார். அவருக்கு மீதி 200 தான்.

நேரத்தையும் பாருங்கள். காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6.30-க்கு 300 மி.கி. குடித்தால் இரவு 11.30-க்கும் இரண்டு காபி அளவு உடலில் இருக்கும். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மி.கி. கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்ததாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாலை வேளையில் பயிற்சி செய்பவர்கள் காஃபீன் இல்லாத வகையை வாங்குவதே சரி.

படி 7: முதல் தடவை எடுக்கும் விதம்

ஸ்கூப்பை நம்பாமல் எடை போடுங்கள். ஈரம் பட்டோ அழுத்தியோ இறுகிய பொடி அதே ஸ்கூப்பில் கூடுதலாக ஏறும். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு போதும். எடுக்கும் முன் மூடியை இறுக்கி டப்பாவைக் குலுக்குங்கள், நுண்ணிய தூள் அடியில் தங்கியிருக்கும். முதல் நாள், மொத்தக் காஃபீன் 100 மி.கி. வருகிற அளவு மட்டும் எடுத்து, 300 மி.லி. தண்ணீரில் கரைத்து, உணவுக்குப் பிறகு குடியுங்கள். தண்ணீரில்லாமல் பொடியை வாயில் கொட்டிக்கொள்ளும் 'டிரை ஸ்கூப்' பழக்கம் வேண்டாம். தூள் மூச்சுக்குழாய்க்குள் போகும், மொத்தத் தூண்டியும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கும்.

தனிக் காஃபீன் பொடியை வீட்டில் அளந்து கலக்கவே கூடாது. 2021-இல் வட வேல்ஸில் 29 வயதுப் பயிற்சியாளர் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அவர் எடுக்க நினைத்தது மில்லிகிராம் கணக்கில். பயன்படுத்திய தராசு 2 கிராமிலிருந்துதான் எடை காட்டும்.

குடித்த கால் மணி நேரத்தில் முகம், காது, கைகளில் ஊசி குத்துவதுபோல் சுறுசுறுவென்று இருந்தால் அது பீட்டா-அலனின். ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும், தொல்லையாக இருந்தால் அளவைப் பிரித்து எடுக்கலாம். நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு அது காரணம் ஆகாது. உட்கார்ந்திருக்கும்போதும் துடிப்பு தாறுமாறாக ஓடினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கண் இருட்டினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ பயிற்சியை அங்கேயே நிறுத்தி 108-ஐக் கூப்பிடுங்கள். கிளம்பும்போது டப்பாவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன போனது என்று மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த லேபிளைத்தான்.