செருப்பை விரல்கள் பிடிக்கக் கூடாது: கால் வலிக்குக் காரணம் கண்டு மாற்றும் முறை

மெல்லிய ரப்பர் செருப்புக்குப் பின்வார் கிடையாது. காலைத் தூக்கியதும் அது கழன்று விழப் பார்க்கும். விழாமலிருக்க விரல்கள் மடங்கி அதைக் கவ்விக்கொள்ளும். விரல்களை மடக்கும் நீண்ட தசைகள் கெண்டைக்காலில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் கணுக்காலின் உட்புறமாக வளைந்து உள்ளங்காலுக்குள் செல்கின்றன. அதனால்தான் விரல் செய்யும் வேலைக்குக் கணுக்கால் வலிக்கிறது.

முதலில், பழைய செருப்பைப் பாருங்கள். என் அக்கா நாள் முழுவதும் அடுப்படியில் நின்று வேலை செய்பவர். காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் சுரீரென்று வலிக்கும் என்பார். மாலையில் உள்கணுக்காலும் கடுக்கும். அவருடைய செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனிகள் படும் இடத்தில் ஐந்து குழிகள் ஆழமாக விழுந்திருந்தன. குதிகால் பகுதியோ கட்டைவிரலால் அழுத்தினால் அடியில் தரை தட்டுப்படும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

அடுத்து, நடந்து பாருங்கள். வெறுங்காலோடு பத்து அடி, செருப்போடு பத்து அடி நடந்து, இரண்டையும் பக்கவாட்டிலிருந்து யாரையாவது படம் பிடிக்கச் சொல்லுங்கள். செருப்போடு நடக்கும்போது மட்டும் விரல்கள் மடங்கி, அடியும் குறுகினால் விடை கிடைத்துவிட்டது.

பிறகு, மாற்றுச் செருப்பு. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது போய் வாங்குங்கள். இறுக்கித் தளர்த்தக்கூடிய பின்வார் கட்டாயம் வேண்டும். அடிப்பாகத்தை வளைத்தால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் அல்ல. கடைசியாக, நான் பெரிதும் நம்பும் சோதனை: விரல்களை லேசாக மேலே தூக்கியபடியே கடைக்குள் நடங்கள். செருப்பு காலோடு வந்தால் வாங்கலாம். கழன்றால், எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் வேண்டாம். மெத்தையான அடிப்பாகம் இருந்தும் பின்வார் இல்லாத செருப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதிலும் விரல்கள் கவ்வத்தான் செய்யும்.

பழக்கிக்கொள்வது. புதியதை முதல் நாளில் ஓரிரண்டு மணி நேரம் மட்டும் அணியுங்கள். கூடவே சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகாலைத் தரையில் பதித்து 30 விநாடி நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. அக்காவுக்குக் கணுக்கால் கடுப்பு சில நாட்களில் போய்விட்டது. காலை நேரக் குதிகால் வலி அடங்க இரண்டு மாதம் ஆனது. பழைய செருப்பு இப்போது குளியலறை வாசலோடு சரி.

எல்லா வலிக்கும் செருப்பே காரணமல்ல. மரத்துப்போதல், வழக்கத்தை மீறிய வீக்கம், காலை ஊன்றவே முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வலி தொடங்கியதுமே காட்டிவிட வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது.